பழமொழி வந்து சேர்ந்தது

விருத்தாசலத்திலிருந்து சென்ற மாதம் நமக்கு ஒரு கார்டு வந்தது. அதில் நான்கே வார்த்தைகள்: "தங்கள் பழமொழி வந்து சேர்ந்தது." கீழே கையெழுத்து. க்ஷேமம் விசாரிப்பு இல்லை, வீட்டுச் சமாசாரம் இல்லை. முப்பது வருஷ சிநேகிதர் நான்கு வார்த்தைகளில் நிறுத்திக் கொண்டால் அவருக்கு நாம் என்னவோ செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

செய்தது வேறொன்றுமில்லை; ஆறுதல் கடிதம் எழுதினோம்.

அந்தச் சிநேகிதர் விருத்தாசலத்தில் ஒரு சிறு பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். ஊருக்குப் புதிதாகப் போகிறவர்கள் பழமலைநாதர் கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பீங்கான் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஊரின் இன்னொரு முகம் தெரியும். மின்சார பியூஸ் கட்டைகள், கோப்பைகள், கொலுப் பொம்மைகள் எல்லாம் அங்கே களிமண்ணாய் உள்ளே போய்ப் பீங்கானாய் வெளியே வருகின்றன. நம் சிநேகிதருடையது பொம்மைப் பட்டறை. நவராத்திரிக்காக ஒரு வியாபாரி 600 பொம்மைகளுக்குச் சொல்லியிருந்தார். களிமண் கூழை அச்சில் வார்த்து, காயவைத்து, ஒரு சுடு சுட்டு, மெருகுக் கூழில் தோய்த்து, மறுபடியும் சூளையில் அடுக்கி நெருப்பு மூட்டுகிற வரையில் 41 நாள் ஆகியிருக்கிறது. நெருப்பு நன்றாகவே பிடித்தது. ஆனால் சூளை ஆறுவதற்குள் வியாபாரியின் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. லாரிக்காரர் வாடகையைப் பற்றிப் பேசினார். வியாபாரி தொலைபேசியில் நவராத்திரியைப் பற்றிப் பேசினார். சிநேகிதர் சூளை வாயிலை அடைத்திருந்த செங்கல்லை எடுக்கச் சொன்னார்.

உள்ளேயிருந்து 'டிண், டிண்' என்று சத்தம் கேட்டதாம். வீணை மீட்டுவது போல் இனிமையாக இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொம்மை.

இந்தச் செய்தி நம் காதில் விழுந்த அன்றே பேனாவை எடுத்தோம். எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது ஒரு வியாதி. துக்கத்தைக் கேட்ட மாத்திரத்தில் வாக்கியம் சுரக்க ஆரம்பித்துவிடும். எழுதிய கடிதத்தின் கடைசி வரி இது: "பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர்கள் கூறியிருப்பதை நினைவில் கொண்டு, மனத்தைத் திடப்படுத்திக் கொள்ள வேண்டுகிறேன்." எழுதி முடித்ததும், நல்ல தமிழில் நாலு பேர் மெச்சும்படி ஆறுதல் சொன்னோம் என்ற திருப்தியோடு தபாலில் சேர்த்தோம். அதற்குத்தான் அந்தக் கார்டு பதில்.

கார்டைக் கண்டதும் ரயிலேறி விருத்தாசலம் போனோம். பட்டறைக்குள் நுழைந்தபோது சிநேகிதர் உடைந்த யானைப் பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்து, "வெடிப்பின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தோம், கத்தி போல இருந்தது. "சூடு ஏறும்போது வெடித்திருந்தால், அப்புறம் மெருகு உருகி விளிம்பில் வழிந்து மழுங்கியிருக்கும். இது மெருகு இறுகின பிறகு வெடித்தது. ஆறும்போது வெடித்தது" என்றார். களிமண்ணில் இருக்கும் வெண்கல் துகள் ஏறக்குறைய 573 டிகிரிச் சூட்டில் திடீரென்று ஒரு சுருக்கம் சுருங்குகிறதாம். அந்தப் படியை மெள்ள மெள்ளத்தான் இறங்க வேண்டும். பாதி வழியில் குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால், ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் சுருங்காமல் பொம்மை பிளந்துகொள்ளும். ஆகையால் விளிம்பைத் தொட்ட கணத்திலேயே அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பதறித் திறந்ததுதான் காரணம். திறக்கச் சொன்னது தாம்தான். இரண்டு நாளாக அதையே நினைத்து நினைத்துத் தூங்காமல் இருந்தவருக்கு மூன்றாவது நாள் தபாலில் 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் கடிதம் போயிருக்கிறது!

நாம் காரணத்தை அறிந்து எழுதவில்லை. அதுதான் குற்றமே. பழமொழி என்பது ஊர் முழுவதற்கும் தைத்த சட்டை. யாருக்குப் போட்டாலும் ஓரளவு பொருந்தும். ஆனால் துன்பப்படுகிறவருக்கு உடம்பில் எங்கே புண் இருக்கிறதென்று பாராமல் போட்டால் தையல் சரியாய் அந்தப் புண்ணிலேயே வந்து உராயும்.

அன்று மாலை அதே பட்டறையில் வேறொருவர் பழமொழி சொல்லக் கேட்டோம். பழைய சக்கரத்தில் பானை வனைகிற பெரியவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், விசாரிக்க வந்தார். வந்தவர் ஒன்றும் பேசாமல் குந்தியபடி உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். பிறகு, "குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழி வேலை. நேத்து காத்துதான் தடியை எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. இது எத்தனை நாள் வேலை, தம்பி?" என்றார்.

"41 நாள் ஐயா" என்றார் சிநேகிதர். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். அச்சு வார்த்தது, மழையில் காயாமல் போனது, யானைக்குத் தந்தம் ஒட்டியது எல்லாம் வந்தது. நம் கடிதம் அவர் வாயை அடைத்தது. அவருடைய வார்த்தை வாயைத் திறந்தது.

இரண்டும் பழமொழிதான். வித்தியாசம் எங்கே என்று ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தோம்.

முதலாவது, நாம் எழுதியது இப்படி நடந்திருக்க வேண்டும் என்று சொல்லுகிறது. அவர் சொன்னது இப்படி நடந்துவிட்டது என்று சொல்லுகிறது. தமிழில் இந்த இரண்டு ஜாதிப் பழமொழிகளும் ஏராளம். 'பதறாத காரியம் சிதறாது', 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பவையெல்லாம் காரியத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியவை. முன்னால் சொன்னால் எச்சரிக்கை. பின்னால் சொன்னால் தீர்ப்பு. பெரியவர் சொன்னதோ யாருக்கும் எதையும் கட்டளையிடவில்லை. போனது பெரிய பொருள், பல நாள் உழைப்பு என்று ஒப்புக்கொள்ளுகிறது, அவ்வளவுதான். இழப்பைச் சிறிதாக்கிக் காட்டுவதுதான் ஆறுதல் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது மிக நல்ல பழமொழிதான். ஆனால் தலைப்பாகையைப் பறிகொடுத்தவர் தாமே சொல்ல வேண்டிய பழமொழி அது. அவர் சொன்னால் நாம் ஆமாம் என்று தலையசைக்கலாம். நாம் முந்திக்கொண்டால், 'உன் தலைப்பாகை என்ன பிரமாதம்' என்றுதான் அவர் காதில் விழும்.

இரண்டாவது விஷயம் இன்னும் நுட்பமானது. அநேகமாய் ஒவ்வொரு பழமொழியிலும் ஒரு காலி நாற்காலி இருக்கிறது. 'பதறாத காரியம்' என்றால் பதறியவன் யார்? 'தடிகாரன்' என்றால் தடிகாரன் யார்? கேட்கிறவர் மனம் உடனே அந்த நாற்காலியில் ஓர் ஆளைத் தேடி உட்கார வைக்கும். துன்பத்தில் இருக்கிறவர் தம்மையே உட்கார வைத்துக் கொள்வார். பெரியவர் இதை அறிந்திருந்தார். பழமொழியைச் சொல்லி மூச்சு விடுவதற்குள், காற்றைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். அது பொய்யும் அல்ல. பொம்மையைப் பிளந்தது குளிர்ந்த காற்றுதான். வாயிலைத் திறந்தவர் யார் என்ற பேச்சே எழவில்லை. பக்கத்தில் செங்கல்லை எடுத்த பையனும் நின்றிருந்தான்; அவன் முகமும் தெளிந்ததை நாம் கவனித்தோம். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சேர்க்காமல் விட்டிருந்தால், அதே பழமொழி அந்தப் பையன் தலையில் விழுந்திருக்கும்.

மூன்றாவது, அவர் பழமொழியோடு நிறுத்தவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கேள்வி கேட்டார், அதுவும் பதில் தெரிந்த கேள்வி. நாமோ கடிதத்தின் கடைசி வரியில் பழமொழியை வைத்து முத்திரை குத்திவிட்டோம். கடைசியில் வருகிற பழமொழிக்கு யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? சிநேகிதரும் சொல்லிப் பார்த்தார். நான்கு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சிநேகிதரின் தாயார் தம்முடைய கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, இதைப் படியுங்கள்" என்றார். உறவினர் ஒருவர் அனுப்பியிருந்த செய்தி. நாலு பக்கமும் ரோஜாப்பூப் படம், நடுவில் 'பட்ட காலிலே படும், என்ன செய்வது!' என்ற வாசகம். அந்தக் குடும்பத்தில் தை மாதம் ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. ஆகையால் உறவினர் பொருத்தமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "மீதியை நானே படித்துக் கொண்டேன்" என்றார். மீதி, 'கெட்ட குடியே கெடும்' என்பது. பாதிப் பழமொழி எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பாதியை அனுப்பினால் முழுதும் போய்ச் சேரும். தபால் செலவுதான் மிச்சம். ஆகவே, எழுதுமுன் மறு பாதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதை அந்த வீட்டுக் கூடத்தில் நின்று சொல்லமுடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் முதல் பாதியும் உதவாது.

ஊர் திரும்பியதும் இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தோம். இந்தத் தடவை புத்தகங்களைப் புரட்டினோம். பெர்சிவல் பாதிரியார் 1874-ல் வெளியிட்ட பழமொழித் திரட்டில் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஜென்சன் பாதிரியார் 1897-ல் பழமொழிகளை வகை வகையாய்ப் பிரித்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். நம் பாட்டிமார் அடுப்படியில் வீசியதையெல்லாம் இவர்கள் பொறுக்கிச் சேர்த்து வைத்தது பெரிய உபகாரம். ஆனால் ஆறுதலுக்கு ஒன்று வேண்டுமென்று தேடினால் பக்கம் பக்கமாய்ப் போக வேண்டியிருக்கிறது. நம் பழமொழிகளில் பெரும்பாலானவை குத்திக் காட்டுவதற்காகப் பிறந்தவை என்பது நம் அபிப்பிராயம்.

தேடியலைந்து, கடைசியில் அந்த ஊர்ப் பழமொழியையே எடுத்தோம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்பதை அறியாத தமிழர் இல்லை. அந்த ஆறு எது, குளம் எது? ஆறு விருத்தாசலத்து மணிமுத்தாறு. குளம் திருவாரூர்க் கமலாலயம். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் என்பது புராண வரலாறு. அதை ஆற்றிலே இட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள் என்று ஆக்ஞை. அப்படியே இட்டுவிட்டு வந்து குளத்தில் தேடினார், பரவையார் சிரித்தார், பின்னர் பொன் கிடைத்தது. சிநேகிதருக்குச் சொந்த ஊர்க் கதை, இழந்த பொருள் திரும்பி வந்த கதை! இதைவிடப் பொருத்தமாய் வேறென்ன இருக்க முடியும் என்று அரைப் பக்கம் எழுதியும் விட்டோம்.

எழுதியதைக் காலையில் படித்தபோது கை நின்றது. கதையில் பொன் கிடைத்தது வாஸ்தவம். ஆனால் பழமொழியில் கிடைப்பதில்லை. ஊர் உலகத்தில் அதைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் போட்ட இடத்தை விட்டு வேறிடத்தில் தேடுகிற அசட்டுத்தனத்துக்குத்தான் சொல்லுகிறார்கள். பரவையாரின் சிரிப்பு மட்டும் பழமொழியில் தங்கிவிட்டது. 12,000 பொன் கதையிலேயே நின்றுவிட்டது. சிநேகிதர் கடன் வாங்கிச் சூளை மூட்டியவர். அந்த வரியைப் பார்த்ததும் அவருக்கு நாயனார் நினைவு வருமா, கடன்காரர் நினைவு வருமா? தெரியாது. பொருள் விளக்கம் எழுதினால்தான் ஆறுதலாகும் என்றால், கடிதம் காலக்ஷேபமாகிவிடும். பக்கத்தைக் கிழித்துப் போட்டோம்.

கடைசியில் அனுப்பிய கடிதம் இது. பத்திரிகையில்தான் நாம் 'நாம்'. சிநேகிதருக்கு எழுதும்போது 'நான்' போதும் என்பதை முதற் கடிதத்தின் கம்பீர நடையைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டோம்.

"அன்புள்ள நண்பருக்கு, சௌக்கியமாய் ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்த யானையின் தந்தம் என் மேஜைமேல் இருக்கிறது. அதை ஒட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். 41 நாள் வேலை ஒரு காலையில் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போன கடிதத்தில் தெரிந்தவன் போல் எழுதிவிட்டேன். அதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். அச்சுகளுக்கு ஒன்றும் சேதமில்லையே? வியாபாரிக்குத் தவணை கேட்டு எழுதவேண்டிய கடிதத்தை நான் எழுதித் தரட்டுமா? அம்மாளுக்கு என் நமஸ்காரம்."

இதிலும் ஒரு பழமொழி இருக்கிறது. சாதாரணமாய் அது பிறரை இடித்துக் காட்டச் சொல்லுவது. 'உனக்கு வந்தால் தெரியும்' என்று சபிப்பதற்குக்கூட உபயோகப்படும். எழுதுகிறவன் தன்னையே நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டதால் முனை இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 'என்று முன்னோர் கூறியிருக்கிறார்கள்' என்ற கட்டியக்காரனும் முன்னால் வரவில்லை. 'மூதுரை', 'ஆன்றோர் வாக்கு' என்றெல்லாம் பராக்குச் சொன்னால் எழுதுகிறவன் மேடையேறிவிடுவான், படிக்கிறவர் பாயில் உட்கார வேண்டியதுதான். 'தெரியும்' என்பதைத் 'தானே தெரியும்' என்று ஆக்கினோம். இந்த 'தானே' இருக்கிறதே, அது தோளில் கை போடுகிற சொல். அதை வைத்தவுடன் பழமொழி மேற்கோள் குறியைக் கழற்றி வைத்துவிட்டு நம் சொந்த வாக்கியத்தோடு கலந்துவிட்டது. அதற்குப் பிறகும் கடிதம் நிற்காமல், பதில் எழுதக்கூடிய இரண்டு கேள்விகளுக்குப் போகிறது.

மரணத் துக்கத்துக்கு இதுவும் செல்லாது என்றே நினைக்கிறோம். பொருள் போனால் பேச்சுக்கு இடமுண்டு. ஆள் போன வீட்டில், இறந்தவர் தாம் உயிரோடிருக்கும்போது ஓயாமல் சொல்லிக் கொண்டிருந்த பழமொழி ஏதாவது இருந்தால் அதை நினைவுபடுத்தி ஒரு வரி எழுதலாம். அது பழமொழியாய்ப் போய்ச் சேராது, அவருடைய குரலாய்ப் போய்ச் சேரும். மற்றவை வேண்டாம்.

விருத்தாசலத்திலிருந்து பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இந்தத் தடவை கார்டு இல்லை, இரண்டு பக்கக் கடிதம். அச்சுகளில் மூன்றுதான் சேதமாம். வியாபாரி பாதி முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறாராம், மீதியைத் தை மாதம் பார்த்துக் கொள்ளலாம் என்கிறாராம். பெரியவர் தினம் மாலை வந்து சூளைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தம் இளம் வயதில் உடைந்த பானைக் கணக்கைச் சொல்லுகிறாராம். கடைசியில் சிநேகிதர் எழுதியிருந்தார்: "எங்கள் ஊர் வழக்கப்படி ஆற்றிலே போட்டாயிற்று. இனி எந்தக் குளம் என்று பார்க்க வேண்டும். அடுத்த சூளை வியாழக்கிழமை மூட்டுகிறேன். திறக்கிற நாள் எதுவென்று உங்களுக்கு எழுதப் போவதில்லை. எழுதினால் வாசலில் வந்து நின்றுவிடுவீர்கள்."